தமிழையாவுக்கு: தமிழ்த் தகுதித் தேர்வுக்கு ஒரு படிப்புத் திட்டம் வேண்டி

உடுமலைப்பேட்டை,
3-8-2025.

மதிப்பிற்குரிய தமிழையா அவர்களுக்கு,

வணக்கம். நான் 2014-இல் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படித்த முருகவேல். ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சு. வீட்டில் தெலுங்கு பேசுவதால் எனக்கு ல, ள, ழ குழம்பும். நீங்கள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டு அலை, அளை, அழை என்று சொல்ல வைப்பீர்கள். இன்றும் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் உங்கள் குரலில்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

டிப்ளமோ முடித்துவிட்டு நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் இருக்கிறேன், ஐயா. ஐந்து வருடமாக முழு நைட்டுதான். இரவு 1 மணிக்கு ஏறினால் காலை 8.30-க்கு இறங்குவேன்.

போன மாதம் 12-ஆம் தேதி குரூப் 4 எழுதினேன். விடைக்குறிப்பு வந்ததும் சரிபார்த்தேன். பொது அறிவும் கணக்குமாக 100-இல் 71 சரி. தமிழில் 37. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்றால் 55.5. தமிழில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மூன்று கேள்வியில் அந்த 71-உம் போய்விட்டது. அன்று இரவு மில்லுக்குப் போகவே கால் வரவில்லை, ஐயா.

எங்கே விட்டேன் என்று பகுதி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். வாசித்துப் புரிந்துகொள்வதில் 15-க்கு 11, மொழிபெயர்ப்பில் 5-க்கு 3. இலக்கணத்தில் 25-க்கு வெறும் 6. சொல்லகராதி 15-க்கு 5, எழுதும் திறன் 15-க்கு 6, கலைச்சொற்கள் 10-க்கு 3, இலக்கியமும் அறிஞர்களும் 15-க்கு 3.

இலக்கணத்தில் விதி தெரிந்தும் தவறுகிறேன். ‘நூலைப் பிடி’யில் ப் ஏன் வருகிறது என்று கேட்டால் இரண்டாம் வேற்றுமை விரி என்று சொல்லிவிடுவேன்; ராத்திரி முழுக்க அறுந்த நூலைப் பிடித்துப் போடுவதுதானே என் வேலை. ஆனால் நான்கு விடைகளை வரிசையாகக் கொடுத்தால் கண் தடுமாறுகிறது. பயிற்சித் தாளில் ‘செந்தமிழ்’ என்பதை சென் + தமிழ் என்று பிரித்தேன். செம்மை + தமிழ் என்று பிறகுதான் உறைத்தது. ‘தந்தான்’ என்பதன் வேர்ச்சொல் ‘தா’ என்பதற்கும் அப்படித்தான் தவறினேன்.

என் நாள் எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன். அதைப் பார்த்து நீங்கள் சொன்னால்தான் என்னால் கடைப்பிடிக்க முடியும். வீடு சேர 9.15 ஆகும். 10 மணிக்குப் படுத்தால் 4 மணிக்கு எழுவேன். 5 முதல் 6.30 வரை தலை தெளிவாக இருக்கும், வீட்டிலும் சத்தம் இருக்காது. 8 மணிக்கு மறுபடி படுத்து 11.30-க்கு எழுந்து மில் பஸ் பிடிப்பேன். பஸ்ஸில் அரை மணி நேரம் கிடைக்கும். மில்லுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, சின்ன நோட்டு கொண்டு போகலாம். ஷிப்ட் முடிந்து வந்து படித்துப் பார்த்தேன். ஒரே வரியை மூன்று தடவை படித்தும் மனதில் நிற்கவில்லை. அந்த நேரத்தை நம்ப வேண்டாம். சனி இரவு வேலை இல்லை, ஞாயிறு முழுக்க என் கையில்.

பயிற்சி மையத்தில் தந்த அட்டவணை தினம் ஆறு மணி நேரம் கேட்கிறது. எனக்கு இருப்பது அந்த ஒன்றரை மணி நேரமும் பஸ்ஸும் ஞாயிறும். அதற்குள் எதை முதலில் எடுப்பது? மாலை 5 மணிக்குக் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை இலக்கணத்துக்கே கொடுத்துவிட்டு, கலைச்சொற்களையும் எதிர்ச்சொற்களையும் நோட்டில் எழுதி பஸ்ஸில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சரியா? இலக்கியத்தைக் கடைசிக்குத் தள்ளலாமா, அல்லது ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டுமா? இலக்கணத்திலேயே எந்தப் பாடத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்? இதை உங்களைத் தவிர யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நான் படித்தது பழைய புத்தகம். அக்கா மகளிடமிருந்து புதிய புத்தகங்கள் 6 முதல் 10 வரை வாங்கி வைத்திருக்கிறேன். ஆறிலிருந்து தொடங்கவா, பத்திலிருந்து பின்னோக்கி வரவா?

60 எடுத்தால் போதும் என்று இப்போது நினைக்கவில்லை, ஐயா. அந்த மதிப்பெண்ணும் தரவரிசையில் சேரும் என்பதால் 80 கேள்வியாவது சரியாக எழுத வேண்டும். அடுத்த தேர்வு வரும் வரை வாரம் ஒரு தாள் எழுதி, தவறியதை நானே சிவப்பு மையில் குறித்துத் தபாலில் அனுப்புகிறேன். நேரமிருக்கும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

நீங்கள் ஓய்வு பெற்று கணியூரில் இருப்பதாக நண்பன் சொன்னான். வரும் ஞாயிறு 10-ஆம் தேதி மாலை 4 மணிக்கு வீட்டுக்கு வரலாமா? கேள்வித்தாளும் பழைய நோட்டும் எடுத்து வருகிறேன். அன்று வசதிப்படாவிட்டால் கீழே உள்ள முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். அடுத்த ஞாயிறு வருகிறேன். அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன்,
சு. முருகவேல்,
ரேஷன் கடை எதிரில், தளி ரோடு,
உடுமலைப்பேட்டை.