குளிர்த்தி முடிந்த இரவு

தைப்பொங்கலன்று சொல்லிவிடலாம் என்றுதான் சிவஞானம் முதலில் நினைத்திருந்தார். பானை பொங்கி வழிந்தபோது மூத்தவள் கலைவாணி, "அம்மா இருந்திருந்தா கிழக்கால பொங்கினதப் பாத்து எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா" என்று கண் கலங்கியதும், நெஞ்சு வரை வந்திருந்த சொல் திரும்பிப் போய்விட்டது. மாசியில் பேரனுக்குக் காய்ச்சல். பங்குனியில் மனைவி செல்வராணியின் ஆறாம் ஆண்டுத் திவசம். அந்த மாதத்தில் வாய் திறப்பது அவளுக்குச் செய்யும் துரோகம் போலப் பட்டது. சித்திரை வருடப்பிறப்புக்குக் கைவிசேடம் கொடுக்கும்போது சொல்லலாம் என்று தாள்களை எண்ணிக்கொண்டு நின்றவர், மகள்மார் காலில் விழுந்து எழுந்ததும் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

அறுபத்துமூன்று வயது வரை எந்தக் காரியத்துக்கும் இப்படித் தயங்கியவரல்லர் அவர். முப்பது வருடங்களுக்கு மேலாக நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. அதிற் பெரும்பகுதி மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தோடு கழிந்தது. மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை, ஆரையம்பதியிலிருந்து சைக்கிளைப் பாதைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய் வந்தவர். மார்கழி மழையில் நள்ளிரவில் குளக்கட்டில் நின்று, எந்தக் கதவை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவெடுத்தவர். ஒரேயடியாகத் திறந்தால் கீழேயுள்ள வயல்கள் போய்விடும், திறக்காமலே வைத்திருந்தால் கட்டு உடைந்துவிடும் என்று இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் இந்தச் செய்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும் வழி எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அவளுடைய பெயர் பரமேஸ்வரி. ஐம்பத்தாறு வயது. நாவலடியில் பிறந்து, நாவலடியிலேயே வாழ்க்கைப்பட்டு, 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கடல் வந்தபோது கணவரையும் வீட்டையும் ஒருசேர இழந்தவள். திராய்மடுவில் கிடைத்த வீட்டில் தையல் மெசினோடு இருந்து ஒரே மகனை வளர்த்து ஆளாக்கினாள். மகன் இப்போது கட்டாரில். சிவஞானம் அவளை முதன்முதலில் கண்டது ஆஸ்பத்திரியில், சலரோகக் கிளினிக் வரிசையில். மாதத்துக்கு ஒருமுறை விடிவதற்கு முன்பே போய் நம்பர் எடுக்க வேண்டும். பிந்தினால் மதியம் வரை வாங்கில் காத்திருக்க நேரும். ஒரு நாள் முதல் பஸ் தவறிப் பிந்தி வந்த அவரைப் பார்த்து, முன்பின் அறியாத அந்தப் பெண், தனக்கு அடுத்த இடத்தில் சுவரோடு சாத்தி வைத்திருந்த கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு, "ஒவ்வொரு முறையும் எனக்குப் பின்னால நிக்கிறவர்தானே நீங்க, அதான் இடம் புடிச்சி வச்சன்" என்றாள்.

அதற்குப் பிறகு பதினெட்டு மாதங்கள், பதினெட்டுக் கிளினிக் நாட்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதில் எதுவும் இல்லை. ஒருவருடைய கொப்பியை மற்றவர் வாங்கிச் சீனியின் அளவைப் பார்ப்பார்கள். கூடியிருந்தால் ஒருவரையொருவர் கண்டிப்பார்கள். அவர் பிளாஸ்கில் கொண்டு வரும் சீனி போடாத தேநீரை மூடியில் ஊற்றி முதலில் அவளுக்குக் கொடுப்பார். அவள் குடித்துக் கழுவித் தந்த பின் தமக்கு ஊற்றிக்கொள்வார். செல்வராணி போன பிறகு, தமக்கு நடந்த ஒன்றை இன்னொருவரிடம் சொல்வதற்காக நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவரிடமிருந்து அற்றுப் போயிருந்தது. இப்போது வாவியில் கொக்குக் கூட்டம் இறங்குவதைக் கண்டாலும், பேரன் புதிதாக ஒரு சொல்லைத் திருத்திப் பேசினாலும், அதைக் கிளினிக் நாள் வரை கைக்குள் பொத்தி வைத்திருப்பதை அவர் ஒருநாள் உணர்ந்தார். அந்த வயதில் அதற்கு என்ன பெயர் என்று தம்மையே கேட்டார். இருபத்தேழு வயதில் எந்தப் பெயரோ அதே பெயர்தான் என்று ஒப்புக்கொள்ள மேலும் இரண்டு மாதங்கள் சென்றன.

அவளிடம் சொல்வது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. அவள் நிலத்தைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்துவிட்டு, "ஒங்கட மக்கள்மாருக்குச் சொல்லாம எனக்கு ஒண்டும் சொல்லாதிங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது நியாயம்.

மகள்மாரிடம் சொல்வதுதான் மலையாக நின்றது. அவர் இருப்பது தம் வீட்டிலல்ல. கலைவாணிக்குக் கலியாணம் பேசியபோது முன்வீட்டை அவள் பெயருக்குச் சீதன உறுதி எழுதினார். பின் அதே வளவுக்குள் இன்னொரு வீட்டைக் கட்டி இளையவள் தர்சினிக்கு எழுதினார். பெற்றவர்கள் இளையவளோடு இருந்துகொள்வது அந்தப் பக்கத்து வழமை, அதன்படியே இருந்தார். பெண்ணுக்குத்தான் வீடு, ஆண் கட்டியவளின் வீட்டுக்குப் போய் இருப்பவன் என்பது மட்டக்களப்பில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, இந்த வயதில் இன்னொரு முறை மாப்பிள்ளையாக ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவர் அவர்தான். தர்சினியின் கணவனும் வெளிநாட்டில் இருந்தான். பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவதும், இரவில் படலையைக் கொழுவிப் பூட்டுவதும் சிவஞானம்தான். ஊர் வாயை அவர் தாங்கிக்கொள்வார். அந்தப் படலையை நினைத்தபோதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்தார்கள். சடங்கு நடந்த நாட்களெல்லாம் வீட்டில் மச்சமில்லை. மகள்மார் இருவரும் வேப்பிலையும் பூவுமாகக் கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்தார்கள். குளிர்த்தியன்று கூட்டத்துக்குள் நின்று, கோபம் தணிய வேண்டுமென்று அம்மனைப் பாடிக் குளிர்விக்கும் குரல்களைக் கேட்டபோது, எப்பேர்ப்பட்ட நெருப்பும் கேட்டுக்கொண்டால் தணியும் என்றுதானே இத்தனை சனமும் விடிய விடிய நிற்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அன்றிரவே சொல்வதென்று அங்கேயே முடிவெடுத்தார்.

வீடு திரும்பியபோது நேரம் வெகுவாகப் பிந்தியிருந்தது. பேரன் தோளிலேயே தூங்கிப் போனான். தர்சினி அவனைக் கிடத்திவிட்டு விறாந்தைக்கு வந்தாள்; கலைவாணி பிரசாதத்தைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் இரிங்க. ஒரு விசயம் கதைக்கணும்."

"என்ன அப்பா, சீனி கூடிட்டுதா?" என்றாள் தர்சினி, பயந்து.

"இல்ல மகள். சுகமாத்தான் இருக்கன்." அவர் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். ஒத்திகை பார்த்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. "கிளினிக்கில ஒரு ஆள் எனக்கு இடம் புடிச்சி வைப்பா என்டு சொல்லியிருக்கன்தானே. அவவை எனக்குப் புடிச்சிருக்கு. வயசு போன ஆள் கதைக்கிற கதையா எண்டு நினைப்பயள். எனக்கு அவவோட இருக்கணும்போல இருக்கு. எழுத்து எழுதி, முறையா."

கலைவாணியின் கை வாழையிலையில் அப்படியே நின்றது. வளவுக்கு வெளியே, கோயிலிலிருந்து திரும்புபவர்களின் பேச்சுக் குரல்கள் தெருவோடு கடந்து போய் ஓயும் வரை ஒருவரும் பேசவில்லை.

"அம்மாட இடத்தில இன்னொரு ஆளை இந்த வீட்டுக்குள்ள கூட்டி வரப் போறயளா?" கலைவாணியின் குரல் நடுங்கியது.

"அம்மாட இடம் அம்மாட இடம்தான் மகள். அதில ஒருத்தரும் இருக்க ஏலாது. இது ஒங்கட வீடு. நான் ஒருத்தரையும் கூட்டி வரமாட்டன். வழமைப்படி நான்தான் போகணும். திராய்மடுவுக்கு."

அதைக் கேட்டதும் தர்சினி அழத் தொடங்கினாள். அதுவரை அம்மாவுக்காகத்தான் அழுவாள் என்று எண்ணியிருந்தார் சிவஞானம். அவளோ, "அப்ப எங்கள விட்டுட்டுப் போறயளா?" என்று கேட்டாள். அதற்கு எந்த ஒத்திகையிலும் அவர் பதில் வைத்திருக்கவில்லை.

"விட்டுட்டுப் போறல்ல. காலமை ஆறரைக்கு மோட்டார் சைக்கிள் இஞ்ச நிக்கும். புள்ளையப் பள்ளிக்கு ஏத்துறது நான்தான். மருமகன் வந்து சேருமட்டும் பின்னேரமும் இஞ்சதான். படலை பூட்டிப் போட்டுத்தான் போவன்."

தர்சினி எழுந்து உள்ளே போனாள். அறைக் கதவு சாத்தப்படும் ஒலி மெதுவாகத்தான் கேட்டது. அறைந்து சாத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கலைவாணி பங்கு வைத்து முடிக்கும் வரை தலை நிமிரவில்லை. இலையை மடித்து நாரால் கட்டினாள். பிறகு, கலியாணம் பேச வந்தவர்களிடம் அவளுடைய தாய் கேட்கும் அதே தொனியில், கோபம் முழுதாக ஆறாமலே கேட்டாள்:

"அவ என்ன குடி?"

"வேற குடிதான் மகள். நம்மட குடியில்ல, முடிக்கலாம்."

"அதையும் கேட்டு வச்சிருக்கயள்."

சிவஞானம் தலையைக் குனிந்துகொண்டார். முகத்தில் சூடு ஏறுவதை அவர் உணர்ந்தார். விறாந்தை விளக்கின் வெளிச்சத்தில் மகளும் அதைக் கண்டிருப்பாள். அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் நின்று, "நேரம் போயிட்டு, படுங்க அப்பா" என்றாள்.

அடுத்த இரண்டு நாட்களும் தர்சினி அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மூன்று நேரமும் சாப்பாடு வந்தது. குளிசைகள் வழக்கம்போலப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. பேரன் மட்டும், அம்மா ஏன் குசினிக்குள் நின்று அழுகிறாள் என்று அவரிடம் வந்து கேட்டான்.

மூன்றாம் நாள் கிளினிக். நாலரை மணிக்கு அவர் எழுந்தபோது குசினியில் ஏற்கெனவே விளக்கு எரிந்தது. தர்சினி தேநீரை வடித்து பிளாஸ்குக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் கொப்பியையும் கண்ணாடியையும் எடுத்துப் பையில் வைக்கும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிளாஸ்கைத் துணியால் சுற்றிப் பையின் ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு அலுமாரியைத் திறந்து, விருந்தாளிகள் வந்தால் மட்டும் எடுக்கும் கண்ணாடிக் கோப்பைகளில் ஒன்றைப் பழைய பத்திரிகைத் தாளில் உடையாதபடி இரண்டு சுற்றுச் சுற்றி, பிளாஸ்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மூடியில குடிக்கக் குடுக்கிறயளாம் எண்டு அக்கா சொன்னா" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "பஸ் வரப் போகுது, கெதியாப் போங்க."