வழி வாய்க்கால்: ஒரு பங்குக் கிணற்றைச் சுற்றி எழுந்த நாவல்

வலிகாமம் வடக்கில் காணிகள் விடுவிக்கப்பட்டபோது தங்கள் வளவைத் தேடிப் போன பலருக்கு அடையாளம் காட்டியது கிணறுதான். வீட்டை இடித்து மட்டமாக்கலாம், எல்லைக் கதியாலைப் பிடுங்கலாம், பனையைத் தறிக்கலாம். சுண்ணக்கல்லை வெட்டி இறக்கிய கிணற்றை அவ்வளவு லேசில் இல்லாமல் ஆக்க முடியாது. ‘கிணற்றடியாள்’ என்ற புனைபெயரில் வந்திருக்கும் ‘வழி வாய்க்கால்’ நாவல் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது. முதல் நூறு பக்கங்களுக்குப் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

கதை இதுதான். தெல்லிப்பழைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த இராசம்மா, இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் முகாமிலும் வாடகை வீட்டிலும் கழித்துவிட்டு, பேத்தி யாழினியோடு ஊர் திரும்புகிறார். கையில் இருப்பது பழைய உறுதி ஒன்று. 2 பரப்பு 6 குழி நிலம், வான்பயிர், செய்பயிர், பங்குக் கிணறு, வழி வாய்க்கால் உரித்து. போய்ப் பார்த்தால் வீடு நின்ற இடத்தில் பற்றை. நான்கு எல்லையில் ஒன்றுகூடத் தெரியவில்லை. பற்றையை வெட்டிக்கொண்டு போகும் பேத்தியிடம் கிழவி சொல்கிறார்: “கிணறு நிக்குது பிள்ளை. இனி நான் அளந்து காட்டுவன்.” கிணற்றுக் கட்டிலிருந்து காலடி வைத்து, இது குசினி, இது மாட்டுக்கொட்டில், இது உன்ர அம்மா பிறந்த அறை என்று வீட்டை வெறும் தரையில் அவர் கட்டி எழுப்பும் நான்கு பக்கங்களை அண்மையில் வந்த ஈழத்து நாவல்களின் நல்ல பக்கங்களோடு தயங்காமல் வைப்பேன்.

அதற்கடுத்து வரும் கிணறு இறைக்கும் அத்தியாயம் இன்னும் மேல். இரண்டு மெஷின் பூட்டி நீரை வற்றவைக்கிறார்கள். சேறு வாளி வாளியாக மேலே வருகிறது. முதலில் ஓலையும் மட்டையும், பிறகு ஓட்டுத் துண்டுகள், ஒரு சைக்கிள் வளையம், கடைசியில் பழைய இரும்புக் கப்பி. கப்பியின் விளிம்பில் கயிறு தேய்த்த பள்ளம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருக்கிறது. இடக்கைக்காரரான தன் கணவர் இழுத்த பக்கம் அது என்று இராசம்மா விரலை வைத்துப் பார்க்கிறார். அழுகை இல்லை, வசனம் இல்லை. சேறெடுக்கிற பெடியன், “அம்மா, ஊத்துக்கண் திறந்திட்டுது” என்று கீழேயிருந்து கத்துவதோடு அத்தியாயம் முடிகிறது. வேலையைத் தெரிந்தவர் எழுதிய எழுத்து இது. எந்தப் பொருளை எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்ற கணக்கு ஆசிரியரின் கையில் பழகியிருக்கிறது.

பொருளாதாரத் தடைக் காலத்தைச் சொல்லும் பகுதியும் அப்படித்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. மிதிக்கிறவன் களைத்துப்போக, செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபட்டு அடங்கும் காட்சியை வாசித்தபோது, பெயர்கள் சொல்லப்படாமல் போன அந்த இரவுச் செய்திகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு பற்றிய பகுதி அந்த அளவுக்கு எடுபடவில்லை. மழை, இருட்டு, நாவற்குழிப் பக்கம் நகர முடியாத சனம், தொலைந்த பிள்ளைகள். எல்லாம் உண்மை. ஆனால் இதைக் கதையிலும் கவிதையிலும் கட்டுரையிலும் நாம் நிறைய வாசித்துவிட்டோம். நாற்பது பக்கம் எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் புதிதாகப் பார்த்திருப்பது ஓர் இடத்தில்தான். கட்டையவிழ்த்துவிட்ட பசு, வீட்டுக்காரரை விட்டுப் போகாமல் சனத்தோடு சனமாகக் கைதடி வரை பின்னால் வருகிறது. அந்தப் பசுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சுருக்கியிருக்கலாம்.

கனடாவில் இருக்கும் தம்பி பாத்திரமும் கைகொடுக்கவில்லை. கிணற்றில் அவருக்கும் பங்கு உண்டு. அதை விற்கச் சொல்லித் தொலைபேசியில் சண்டை பிடிக்கிறார். வெளிநாட்டுக்காரர் என்றால் காசுக்கணக்கு மட்டுமே பேசுவார் என்ற வார்ப்பில் அவரைச் செய்துவிட்டார் ஆசிரியர். கிழவிக்குக் கொடுத்த பொறுமையில் கால்வாசியைத் தம்பிக்குக் கொடுத்திருந்தால், பனியில் இரண்டு வேலை செய்து முகாமுக்குக் காசு அனுப்பிய மனிதனும் நமக்குத் தெரிந்திருப்பான்.

எனக்குப் பெரிய மனக்குறை வேறு. பத்தொன்பதாம் அத்தியாயத்தில், கிணறு இறைக்க உதவிக்கு வந்த சின்னராசா, வேலை முடிந்து தண்ணீர் குடிக்கும்போது ஒரு வசனம் சொல்கிறார்: “என்ர அம்மா இந்தக் கட்டில ஒருநாளும் கை வைச்சதில்லை. குடத்தைக் கீழ வைச்சிட்டு, ஆரும் வந்து ஊத்துமட்டும் நிண்டவ.” நாவலின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. உறுதியில் பெயர் உள்ளவர்கள் எல்லாம் பங்கு பேசும் கிணற்றில், உறுதியில் பெயரே இல்லாத ஒருவர் பேசிவிட்டார். இராசம்மா என்ன சொல்லப்போகிறார் என்று நெஞ்சு அடிக்கிறது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அத்தியாயத்தில் கோயில் திருவிழா வருகிறது, அன்னதானம் நடக்கிறது, எல்லோரும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறார்கள். அவ்வளவுதான். ஆலயப் பிரவேசத்துக்காக 1968 இல் மக்கள் போராடிய மாவிட்டபுரம் இந்தக் கதை நடக்கும் இடத்துக்கு மிக அருகே இருக்கிறது. அப்போது இராசம்மா குமர்ப்பிள்ளை. அவருக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. வளவின் ஒவ்வொரு மரத்தையும் நினைவில் வைத்திருக்கும் ஒரு பெண், கிணற்றடியில் காத்து நின்ற இன்னொரு பெண்ணை மட்டும் எப்படி மறந்தார்? மறந்திருந்தால் அந்த மறதியையே எழுதியிருக்க வேண்டும். வெட்கப்பட்டு வாயடைத்துப் போயிருந்தால் அந்த வெட்கத்தைக் காட்டியிருக்க வேண்டும். இரண்டையும் தவிர்த்துவிட்டு ஒரு பந்தியில் எல்லோரையும் உட்காரவைத்தது, அதுவரை நேர்மையாக நடந்துவந்த எழுத்துக்குப் பொருந்தவில்லை. ஆசிரியருக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கப்பியின் பள்ளத்தைக் கண்டவருக்கு இது தெரியாமலா போகும்? அதனால்தான் மனம் ஆறவில்லை.

மொழி பற்றி வாசகர்கள் தயங்கத் தேவையில்லை. விவரிப்பு எளிய எழுத்துத் தமிழ், உரையாடல் நம் ஊர்ப் பேச்சு. தமிழ்நாட்டு வாசகர்களுக்காகப் பின்னால் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது, நமக்கு வேண்டாம். ஆனால் அச்சுப் பிழைகள் கண்ணை உறுத்துகின்றன. ஒரு பக்கத்தில் யாழினி, அடுத்த பக்கத்தில் யாழரசி. இறந்துபோன பெரியப்பா பதினைந்தாம் அத்தியாயத்தில் தேத்தண்ணி குடிக்கிறார். சொந்தச் செலவில் புத்தகம் போடுபவர்களுக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் கிடைப்பது கடினம் என்பது விளங்குகிறது. இரண்டாம் பதிப்பில் திருத்திவிடலாம். அப்போது பத்தொன்பதாம் அத்தியாயத்தையும் ஆசிரியர் மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

312 பக்கம், விலை 1,200 ரூபாய். இன்றைக்கு அது சிறிய தொகை இல்லை. இருந்தாலும் வாங்கலாம். முழுவதையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களை மட்டுமாவது வாசியுங்கள். வீட்டில் கண் தெரியாத அம்மம்மா இருந்தால் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கிணறு இறைப்பதில் எங்கே சரி, எங்கே பிழை என்று ஆசிரியரைவிட அவர் நன்றாகச் சொல்வார்.