திரைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் இந்த முறை பரிசு உண்டு: மார்ச் 26 முதல் மூன்று நாள் ‘திரைச்சீலை 2026’ கலைவிழா

பத்திரிகைச் செய்தி
செம்பருத்தி கலை அறிவியல் கல்லூரி, மாணவர் கலை மன்றம்
நாள்: 9 மார்ச் 2026, திங்கள்
உடனே வெளியிடலாம்

ஒளி, ஒலி, மேடை அமைப்புக்கென முதன்முறையாகத் தனிப் போட்டி, உலக நாடக தினத்தன்று 11 நாடகங்கள், அனுமதி இலவசம்

செம்பருத்தி கலை அறிவியல் கல்லூரியின் மாணவர் கலை மன்றம் நடத்தும் ‘திரைச்சீலை 2026’ கலைவிழா, மார்ச் 26 வியாழன் முதல் 28 சனி வரை கல்லூரி வளாகத்தில் நடைபெறுகிறது. 34 கல்லூரிகளிலிருந்து சுமார் 900 மாணவர்கள் கலந்துகொள்ளப் பதிவு செய்திருக்கிறார்கள். விளக்கு போடுபவர்கள், ஒலி பார்ப்பவர்கள், மேடைப் பொருள்களை எடுத்து வைப்பவர்கள் ஆகியோருக்கென்று தனிப் போட்டி நடத்தி, மற்றவர்களுக்கு வழங்கும் அதே அளவு கோப்பையை அவர்களுக்கும் வழங்குவது இவ்விழாவின் 12 ஆண்டுகளில் இதுவே முதல் முறை.

புதிய போட்டியின் பெயர் ‘பதினெட்டு நிமிடம்’. ஓர் அணியில் நான்கு பேர். பத்து நிமிட நாடகக் காட்சி ஒன்றின் பிரதி, போட்டி தொடங்கும்போதுதான் அவர்கள் கையில் கொடுக்கப்படும். ஆறு விளக்குகள், இரண்டு மைக், ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு பெரிய கறுப்புத் துணி. இவற்றைத் தவிர வேறு எதையும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. அட்டை, கத்தரிக்கோல், டேப் மட்டும் விதிவிலக்கு. பதினெட்டு நிமிடத்துக்குள் மேடை தயாராக வேண்டும். அப்புறம் எங்கள் கல்லூரி நாடகக் குழுவினர் அதே காட்சியை ஒவ்வொரு அணியின் அமைப்பிலும் நடித்துக் காட்டுவார்கள். நடிப்பு மாறாது, வசனம் மாறாது. விளக்கும் ஒலியும் மாறும்போது காட்சியே எப்படி வேறாகிவிடுகிறது என்பதைப் பார்வையாளர்கள் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

நடுவர்கள் மூவர். இரண்டு பேர் முன்வரிசையில் உட்காருவார்கள். மூன்றாமவருக்கு வேண்டுமென்றே கடைசி வரிசையில் இடம் போட்டிருக்கிறோம். மெதுவாகப் பேசும் வசனம் அவர் காதுக்குப் போய்ச் சேராவிட்டால் மதிப்பெண் குறையும். மைக் சத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கும் அணிகளுக்கு ஒரு வார்த்தை: ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்ப மைக்குக்குள் புகுந்தால் அந்தக் காதைக் கிழிக்கும் ஊளைச் சத்தம் வரும். அதற்கும் மதிப்பெண் குறையும்.

போன வாரம் நடந்த முன்னோட்டத்தில் எங்கள் மாணவர்களே இரண்டு அணிகளாகப் பிரிந்து இந்தப் போட்டியை நடத்திப் பார்த்தார்கள். காட்சி, ரயில் நிலையத்தில் காத்திருக்கும் ஒரு தாயும் மகனும். ரயில் வரவேண்டும், ஆனால் மேடைக்கு ரயிலைக் கொண்டுவர முடியாது. முதல் அணி ரயில் சத்தத்தை எழுப்பியதோடு நிறுத்திக்கொண்டது. இரண்டாவது அணி ஒரு நீள அட்டையில் வரிசையாகச் சதுரங்கள் வெட்டி, பக்கவாட்டில் இருந்த விளக்கின் முன்னால் அதை இழுத்துக்கொண்டே போனது. தாயின் முகத்தில் ஒளிச் சதுரங்கள் முதலில் வேகமாக ஓடி, பிறகு மெதுவாகி, கடைசியில் ஒன்று மட்டும் அவர் கன்னத்தில் வந்து நின்றது. ரயில் நின்றுவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அட்டையை இழுத்த மாணவர் மூச்சைப் பிடித்தபடி முட்டிபோட்டு நகர்ந்ததை, ஓரத்தில் நின்ற எங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

இந்தப் போட்டி எப்படி வந்தது என்பது குறித்து விழாவின் மாணவர் ஒருங்கிணைப்பாளரும் மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவியுமான ச. யாழினி கூறியதாவது:

“போன வருஷம் இறுதி நாடகத்தில் பாதியிலேயே ஒரு மைக் செத்துப்போனது. முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருட்டுக்குள் தரையோடு தரையாகத் தவழ்ந்து போய் வயரை மாற்றிவிட்டு அப்படியே திரும்பி வந்தாள். அரங்கில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் போனதுதான் அவளுடைய வெற்றி. நாடகம் முடிந்ததும் கைதட்டல் பத்து நிமிஷம் நிற்கவே இல்லை. அவள் ஓரத்தில் உட்கார்ந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன், நடிகர்கள் பெயர் எல்லாம் இருந்தது, அவள் பெயர் இல்லை. அந்த அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்ததே நான்தான். இந்த வருஷம் அந்தத் தப்பைச் சரி செய்கிறோம், அவ்வளவுதான்.”

அந்த மாணவி இப்போது இரண்டாம் ஆண்டு. ‘பதினெட்டு நிமிடம்’ போட்டியின் விதிமுறைகளை எழுதிய மூவரில் அவரும் ஒருவர். தன் பெயரைச் செய்தியில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இந்த ஆண்டு அழைப்பிதழில் பின்மேடைக் குழுவினர் 41 பேரின் பெயரும் நடிகர்களின் பெயருக்குச் சமமான எழுத்து அளவில் அச்சாகியிருக்கிறது. அழைப்பிதழ் ஒரு பக்கம் கூடிவிட்டது.

விழாவின் நடுநாளான மார்ச் 27 வெள்ளிக்கிழமை, உலக நாடக தினம். பன்னாட்டு நாடக நிறுவனம் 1961-இல் இந்நாளை அறிவித்தது. 1962 மார்ச் 27-இல் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அன்று பாரிஸில் ‘நாடுகளின் நாடகம்’ என்ற பன்னாட்டு நாடக விழா தொடங்கியதால் அந்தத் தேதியே நிலைத்துவிட்டது. எனவே வெள்ளிக்கிழமை முழுவதையும் நாடகத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். காலை 10 மணி முதல் மாலை 5.30 வரை, இடையில் உணவு நேரம் போக, 11 நாடகங்கள். ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம். மேடையை மாற்ற 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடங்களில் திரை மூடப்படாது. கறுப்பு உடையில் வரும் பின்மேடைக் குழுவினர் தரையில் ஒட்டியிருக்கும் டேப் அடையாளங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு வீட்டைக் கலைத்து ஒரு நீதிமன்றத்தை எழுப்புவதைப் பார்வையாளர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். தேநீர் குடிக்கப் போகிறவர்கள் போகலாம். ஆனால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் லாபம் என்பது எங்கள் எண்ணம்.

மார்ச் 26 வியாழன் காலை 9.30-க்குத் தொடக்க விழா. மேடைப் பேச்சு 20 நிமிடத்துக்கு மேல் போகாது என்று கல்லூரி முதல்வர் எழுத்திலேயே உறுதி தந்திருக்கிறார். அன்று இசையும் நடனமும். சனிக்கிழமை காலை விவாதப் போட்டி, வினாடி வினா, குறும்படத் திரையிடல். மதியம் 2 மணிக்கு ‘பதினெட்டு நிமிடம்’ இறுதிச் சுற்று. மாலை 6 மணிக்குப் பரிசளிப்பு. புகைப்படக் கண்காட்சி மூன்று நாளும் நூலகத் தாழ்வாரத்தில் இருக்கும்.

கவிதைப் போட்டிக்கான படைப்புகளை மார்ச் 21 சனிக்கிழமை நள்ளிரவு வரை மின்னஞ்சலில் அனுப்பலாம். யுனெஸ்கோ 1999-இல் அறிவித்த உலகக் கவிதை தினம் அது. 24 வரிகளுக்கு மிகக் கூடாது. தலைப்பு எதுவாகவும் இருக்கலாம். தேர்வாகும் பத்துக் கவிதைகளை எழுதியவர்களே மார்ச் 28 சனிக்கிழமை மேடையில் வாசிப்பார்கள். மேடை ஏறத் தயங்குபவர்கள் வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லலாம், அதற்கு மதிப்பெண் குறையாது.

நாடக ஆசிரியரும் மன்றத்தின் பொறுப்புப் பேராசிரியருமான முனைவர் இரா. கதிரவன், “விளக்கு அணைந்து எரிவதற்குள் இருக்கும் நான்கு விநாடி இருட்டில் மேசையை எங்கே வைப்பது என்று தெரிந்த மாணவருக்கு, எந்த வேலையிலும் பதற்றம் வராது. பாடம் நடத்துவதில் எனக்கு 19 வருட அனுபவம் இருக்கிறது, இதை என்னால் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை” என்றார்.

பார்வையாளர்களுக்கு அனுமதி இலவசம். போட்டியாளர்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அரங்கில் 620 இருக்கைகள். முதலில் வருபவர்களுக்கு முதலில் இடம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு முன்வரிசையில் எட்டு இடங்களும் பக்கவாயிலில் சரிவுப் பாதையும் உண்டு. தொடக்க விழாவும் வெள்ளிக்கிழமை நாடகங்களும் சைகை மொழியில் பெயர்த்துச் சொல்லப்படும். வேகமாக மின்னி மின்னி அணையும் விளக்குகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், அவற்றை எந்த அணியும் பயன்படுத்தக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறோம்.

பத்திரிகையாளர்களுக்கு

நாடகம் நடக்கும்போது ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக, மார்ச் 27 காலை 8.30 முதல் 9.30 வரை நடக்கும் ஒத்திகையில் பின்மேடைக்குள் வந்து படம் எடுக்கலாம். இடம் குறுகல் என்பதால் ஒரு நேரத்தில் ஐந்து பேர், முன்பதிவு அவசியம். உள்ளே “இடப்பக்கம் நகருங்கள்” என்று யாராவது சொன்னால், அது பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடப்பக்கம். அரங்கில் இருப்பவருக்கு அது வலப்பக்கம். போன ஆண்டு ஒரு கேமரா ஸ்டாண்ட் இந்தக் குழப்பத்தில்தான் சாய்ந்தது.

முன்னோட்டப் படங்கள் பன்னிரண்டும் இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் கேட்டால் அனுப்பி வைக்கிறோம். ‘மாணவர் கலை மன்றம்’ என்று குறிப்பிட்டு வெளியிடலாம். போன ஆண்டுச் செய்தியில் தொடக்க நேரத்தைத் தவறாக அச்சிட்டுப் பலரை அலைய வைத்தோம். இந்தச் செய்தியின் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் மூன்று பேர் தனித்தனியாகச் சரிபார்த்திருக்கிறோம். மாற்றம் ஏதும் இருந்தால் மார்ச் 24 மாலைக்குள் இதே முகவரிகளுக்குத் தெரிவிப்போம்.

மாணவர் கலை மன்றம் பற்றி

கல்லூரியின் எல்லாத் துறை மாணவர்களும் உறுப்பினராகலாம். வாரம் இரண்டு மாலைகள் ஒத்திகை. ‘திரைச்சீலை’ விழாவை ஆண்டுதோறும் மாணவர்களே திட்டமிட்டு நடத்துகிறார்கள். கணக்கு வழக்கு விழா முடிந்த இரண்டு வாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

தொடர்புக்கு

ச. யாழினி, மாணவர் ஒருங்கிணைப்பாளர் (பேட்டி, படங்கள், ஒத்திகை முன்பதிவு)
மின்னஞ்சல்: media@thiraicheelai2026.org

முனைவர் இரா. கதிரவன், பொறுப்புப் பேராசிரியர்
கல்லூரி அலுவலக எண், உள் இணைப்பு 214 (வேலை நாள்களில் காலை 10 முதல் மாலை 4 வரை)

கவிதைகள் அனுப்ப: kavithai@thiraicheelai2026.org

நேரில்: மாணவர் கலை மன்ற அறை, முதன்மைக் கட்டடம், தரைத்தளம், அரங்கத்தின் பக்கவாயில் எதிரில். மாலை 4 மணிக்கு மேல் வந்தால் ஒத்திகைச் சத்தமே வழி காட்டும்.