குடி பத்திப் பேச டாக்டருக்கு ஒரு குறிப்பு, கையில குடுக்க ஒரு நோட்டீஸ்

டாக்டருக்கு:
சோமனூர்ல தறி ஓட்டற அண்ணன், வயசு 46, பிரஷர் மாத்திரை வாங்க வந்திருக்காரு. "குடிகாரர்"ங்கற வார்த்தையே வேண்டாம், கூட வந்தவங்கள வெளிய உக்கார வெச்சுட்டு மெதுவா ஆரம்பிங்க.

"ஏனுங்ண்ணா, பிரஷர் இருக்கற எல்லார்கிட்டயும் கேக்கறதுதானுங்க, குடிக்கறது பத்தி ரெண்டு நிமிசம் பேசலாங்களா?"
"வாரத்துல நாலு நாளு ஒரு குவார்ட்டருங்க, இல்லீனா தூக்கமே வர்றதில்லீங்க."
"மறைக்காம சொன்னது நல்லதுங்ண்ணா. அதுல உங்களுக்கே புடிக்காதது ஏதாச்சும் இருக்குங்களா?"

அவரு யோசிக்கட்டும், நடுவுல புகுந்து புத்தி சொல்லிராதீங்க, எவ்வளவு கொறைக்கறதுன்னு அவர் வாயில இருந்தே வரணும்.

நோட்டீஸ்:
ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லிங்க, அதுல சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்குது, அது பிரஷரையும் ஏத்தும், நடுராத்திரில முழிப்பு வர வெச்சு தூக்கத்தையும் கெடுக்கும். தெனமும் நெறைய குடிக்கறவங்க எங்கள கேக்காம திடீர்னு நிறுத்தாதீங்க. நிறுத்துனப்பறம் கைநடுக்கம், வேர்வைன்னா ஒடனே வாங்க, வலிப்பு, கொழப்பம்னா 108. மனசு விட்டுப் பேச 14416.

ரெண்டு வாரத்துல பிரஷர் பாக்க வாங்க. கொறைக்க முடியலீனாலும் வாங்கண்ணா, திட்டமாட்டோம்.