கார்டு பரிவர்த்தனை மறுக்கப்படும்போது போகும் செய்தி: மாற்றி எழுதிய வடிவம்

வணக்கம் மேடம்,

பாதுகாப்புச் சோதனையில் கார்டு பரிவர்த்தனை நின்றுவிட்டால் வாடிக்கையாளருக்குப் போகும் செய்தியை, செவ்வாய்க்கிழமை பேசியபடி மாற்றி எழுதியிருக்கிறேன். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், தொலைபேசியில் சொல்ல வேண்டியது மூன்றும் இதிலேயே இருக்கின்றன. கற்பனையாக எழுதினால் பிடிபடாது என்பதால் 4417 என்று முடியும் கார்டுக்காரர் போன வாரம் கொடுத்த புகாரையே முன்னால் வைத்துக்கொண்டேன்.

இப்போது நாம் அனுப்பிக்கொண்டிருப்பது இது:

"அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்களது பரிவர்த்தனை பாதுகாப்புக் காரணங்களால் நிராகரிக்கப்பட்டுள்ளது. மறுமொழிக் குறியீடு: 59. மேலும் விவரங்களுக்கு வாடிக்கையாளர் சேவையை அணுகவும்."

அந்த அம்மா அழைத்தபோது கேட்டவை மூன்றே கேள்விகள். பணம் போய்விட்டதா? கார்டைப் பூட்டிவிட்டீர்களா? இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? மேலே உள்ள செய்தியில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பதில் தெரியாததால் அவர் 'பணம் செலுத்து' பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார். அடுத்தடுத்து வரும் முயற்சி நம் சோதனைக்கு இன்னும் சந்தேகமாகத்தான் தெரியும். ஆக, ஒரு பரிவர்த்தனையோடு முடிந்திருக்க வேண்டியது, ஆன்லைன் பயன்பாடு முழுவதும் நிற்கிற அளவுக்குப் போய்விட்டது.

59 என்ற எண்ணையும் எடுத்துவிட்டேன். கார்டு வலையமைப்புகள் பேசிக்கொள்ளும் ஐஎஸ்ஓ 8583 வழக்கத்தில் அதற்கு 'மோசடிச் சந்தேகம்' என்று பொருள். இருப்புப் போதவில்லை என்றால் 51, கார்டு காலாவதி என்றால் 54, பின் எண் தவறு என்றால் 55. நமக்கு இது அன்றாட விஷயம். வாடிக்கையாளரோ அந்த எண்ணை இணையத்தில் தேடி, தன்னையே மோசடிக்காரர் என்று வங்கி சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார். அந்த அம்மாவும் அப்படித்தான் கேட்டார்.

சரி, புதிய வடிவத்துக்கு வருகிறேன். முதலில் எஸ்எம்எஸ்:

"4417 கார்டில் இன்று மாலை 7:42-க்கு வந்த ஆன்லைன் பரிவர்த்தனையை நாங்கள் நிறுத்தினோம். பணம் போகவில்லை. அது நீங்கள்தானா என்று உறுதி செய்ய வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள், அல்லது கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழையுங்கள். ஓடிபி, பின் எண் யாரிடமும் சொல்லாதீர்கள்."

தமிழ் எஸ்எம்எஸ்ஸில் ஒரு துண்டுக்கு 70 குறிகள்தான் அடங்கும். பல துண்டுகளாகப் போனால் ஒவ்வொன்றிலும் 67. புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகளாகவே கணக்கில் வரும். அதனால்தான் வணக்கம், அன்பார்ந்த, தங்கள் மேலான ஆதரவு எல்லாவற்றையும் வெட்டினேன். நான்கு துண்டுக்குள் அடங்கப் பார்த்திருக்கிறேன். செலவைக் குறைக்க இன்னும் சுருக்கச் சொன்னால் 'பணம் போகவில்லை' என்பதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

தொகையும் கடையின் பெயரும் எஸ்எம்எஸ்ஸில் வேண்டுமென்றேதான் இல்லை. பூட்டிய திரையிலேயே பக்கத்தில் இருப்பவர் படித்துவிட முடியும். யார் என்ன வாங்கினார் என்பது அடுத்தவர் கண்ணில் பட வேண்டியதில்லை. செயலிக்குள் போனால் இரண்டும் தெரியும்.

அடுத்தது மின்னஞ்சல். செயலியின் அறிவிப்புப் பெட்டிக்கும் இதே வாசகம்தான்.

தலைப்பு: உங்கள் 4417 கார்டில் ஒரு பரிவர்த்தனையை நிறுத்தியிருக்கிறோம், நீங்கள் உறுதி செய்ய வேண்டும்

வணக்கம்,

இன்று மாலை 7:42-க்கு 4417 என்று முடியும் உங்கள் கார்டை வைத்து ஓர் இணையக் கடையில் பணம் செலுத்த முயற்சி நடந்தது. அதை நாங்கள் நிறுத்திவிட்டோம். உங்கள் கணக்கிலிருந்து பணம் போகவில்லை.

இருப்புக் குறைவாக இருந்ததாலோ நீங்கள் ஏதும் தவறு செய்ததாலோ இது நடக்கவில்லை. நீங்கள் வழக்கமாகக் கார்டைப் பயன்படுத்தும் விதத்திலிருந்து இந்த முயற்சி வேறுபட்டிருந்தது. இதுவரை பார்த்திராத ஒரு கருவியிலிருந்து, நீங்கள் முன்பு வாங்கியிராத கடைக்கு, சிறிது நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வந்தது. புதிய கைபேசியில் முதல் முறையாக வாங்கினாலும் இப்படித்தான் தெரியும். திருடப்பட்ட கார்டு எண்ணை யாரோ முயன்று பார்த்தாலும் இப்படித்தான் தெரியும். இரண்டில் எது என்று உங்களால்தான் சொல்ல முடியும். அதனால் கேட்கிறோம்.

நீங்கள் பதில் சொல்லும் வரை இந்தக் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனைகள் மட்டும் நிற்கும். பணம் எடுக்கும் இயந்திரத்திலும், கடையில் நேரில் கார்டைச் செருகிப் பின் எண் போடும் இடத்திலும் வழக்கம்போல வேலை செய்யும். ஏற்கெனவே நீங்கள் பதிவு செய்து வைத்துள்ள மாதத் தவணைகளும் தடைபடாது.

இப்போது செய்ய வேண்டியது:

வங்கிச் செயலியை நீங்களே திறந்து, 'கார்டுகள்' பக்கத்தில் 4417-ஐத் தொடுங்கள். நிறுத்தப்பட்ட பரிவர்த்தனை கடையின் பெயரோடும் தொகையோடும் மேலேயே தெரியும். அதன் கீழே 'இது நான்தான்', 'இது நானல்ல' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும்.

வாங்க முயன்றது நீங்களே என்றால் 'இது நான்தான்' என்பதை அழுத்துங்கள். கார்டு திறந்துவிட்டதாகச் செயலியில் அறிவிப்பு வரும். அது வந்த பிறகு கடையின் பக்கத்துக்குப் போய் மறுபடி பணம் செலுத்துங்கள். நிறுத்திய பரிவர்த்தனை தானாக நிறைவேறாது. அறிவிப்பு வருவதற்கு முன் திரும்பத் திரும்ப முயல வேண்டாம்; தடை நீங்கத் தாமதமாகும்.

வீட்டில் வேறு யாராவது உங்கள் கார்டில் வாங்க முயன்றிருக்கலாம். பொத்தானை அழுத்துமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றால் 'இது நானல்ல' என்பதை அழுத்துங்கள். அந்தக் கணமே கார்டு நிரந்தரமாக மூடப்படும், வேறு எண்ணில் புதிய கார்டு அனுப்புவோம். பிறகு கடந்த சில வாரங்களின் பரிவர்த்தனைப் பட்டியலையும் பாருங்கள். கார்டு எண்ணைத் திருடியவர்கள் அது வேலை செய்கிறதா என்று அறிய முதலில் மிகச் சிறிய தொகையைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். தெரியாத சிறு தொகை ஏதாவது கண்ணில் பட்டால், அற்பத் தொகைதானே என்று விட்டுவிடாமல், அதன் பக்கத்தில் உள்ள 'புகார்' என்பதைத் தொடுங்கள். மூடிய கார்டில் பதிவாகியிருந்த மாதத் தவணைகளைப் புதிய எண்ணுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலைச் செயலியே காட்டும்.

செயலி இல்லாவிட்டால் கார்டின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். 'நிறுத்தப்பட்ட பரிவர்த்தனை' என்று சொன்னால் போதும், நேராக எங்கள் பிரிவுக்கு இணைப்பார்கள்.

கடையின் கணக்கில் 'பணம் நிலுவையில் உள்ளது' என்று தெரிந்தாலும் பதற வேண்டாம். மறுக்கப்பட்ட பரிவர்த்தனைக்கு நாங்கள் பணம் கொடுப்பதில்லை. உங்கள் வங்கிக் கணக்கில் அந்தத் தொகை குறைந்திருப்பதாகத் தெரிந்தால் மட்டும் எங்களை அழையுங்கள்.

இந்தச் செய்தியில் எந்த இணைப்பும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. எங்கள் பெயரில் இணைப்போடு ஏதாவது வந்தால் அதைத் தொடாதீர்கள். நாங்கள் உங்களை அழைக்க நேர்ந்தாலும் முழுக் கார்டு எண், சிவிவி, பின், ஓடிபி ஆகிய நான்கையும் கேட்கமாட்டோம். யாராவது கேட்டால், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

இடையில் உங்கள் வேலை தடைபட்டதற்கு வருந்துகிறோம்.

கார்டு பாதுகாப்புப் பிரிவு

மின்னஞ்சல் அவ்வளவுதான். நீளம் என்று சிலர் சொல்லக்கூடும். படிப்பவர் அநேகமாக முதல் பத்தியோடு செயலிக்குப் போய்விடுவார். மீதி, போகாமல் பயந்து உட்கார்ந்திருப்பவருக்கு.

காரணத்தை எவ்வளவு தூரம் சொல்வது என்பதில்தான் எனக்கும் மோசடித் தடுப்புக் குழுவுக்கும் கொஞ்சம் இழுபறி. எத்தனை முயற்சிக்கு மேல், எத்தனை நிமிடத்துக்குள், எந்தத் தொகைக்கு மேல் நிறுத்துகிறோம் என்பது வெளியே போகக் கூடாது. போனால் திருடுகிறவர் அந்த எல்லைக்குள் நின்று விளையாடுவார். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பாதுகாப்புக் காரணங்கள்' என்று மூடி மறைத்தால் வாடிக்கையாளருக்கு ஒன்றும் புரியாது. 'புதிய கருவி, புதிய கடை, அடுத்தடுத்த முயற்சி' என்ற அளவுக்குச் சொன்னால் தன் செயலை நினைத்துப் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று அவரே முடிவு செய்ய முடியும். கணக்கு வெளிப்படவில்லை, காரணம் வெளிப்பட்டிருக்கிறது. அவர்களும் இதற்குச் சம்மதித்துவிட்டார்கள்.

இணைப்பைச் சேர்த்தால் பொத்தானை அழுத்துவோர் எண்ணிக்கை கூடும் என்று செயலிக் குழு சொன்னது. கூடும்தான். ஆனால் 'உங்கள் கார்டு நிறுத்தப்பட்டது, இங்கே தொடவும்' என்பது மோசடிக்காரர்களின் வழக்கமான வாசகம். நாமே அதைப் பழக்கிவிட்டு அப்புறம் தொடாதீர்கள் என்று சொல்ல முடியாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தொலைபேசியில் எடுப்பவர்கள் தொடங்க வேண்டிய விதம்:

"வணக்கம். உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது, எதுவும் போகவில்லை. அந்தப் பரிவர்த்தனையை நாங்கள்தான் நிறுத்தினோம். அது நீங்கள் செய்ததுதானா என்று தெரிந்துகொண்டால் இப்போதே முடித்துவிடலாம். அதற்கு முன் நீங்கள்தான் என்று உறுதி செய்ய இரண்டு கேள்விகள் கேட்கிறேன். பின், ஓடிபி எதையும் கேட்கமாட்டேன்."

அடையாளக் கேள்விகளை முதலில் கேட்டு, கடைசியில் 'பணம் போகவில்லை' என்று சொல்வதுதான் இப்போதைய வழக்கம். பதற்றத்தில் இருப்பவருக்குப் பிறந்த தேதிகூடச் சட்டென்று வாயில் வராது. எனவே ஆறுதலை முன்னே கொண்டுவந்துவிட்டேன். கணக்கு விவரம் எதையும் இதில் சொல்வதில்லை. கார்டுக்காரரே அந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார் என்பதால் இடைஞ்சல் இல்லை என்று மோசடித் தடுப்புக் குழு சொன்னது.

தொழில்நுட்பக் குழுவிடம் நீங்கள் பேச வேண்டியவை இரண்டு. இந்தச் செய்தி 59-க்கு மட்டும் போக வேண்டும். இப்போது 51-க்கும் 55-க்கும்கூட இதே 'பாதுகாப்புக் காரணங்கள்' வாசகம் போய்க்கொண்டிருக்கிறது. இருப்பில்லாதவரிடம் மோசடி பற்றிப் பேசுவதும், பின்னை மறந்தவரிடம் 'இது நீங்கள்தானா' என்று கேட்பதும் வீண் குழப்பம். அவற்றுக்குத் தனி வாசகம் அடுத்த வாரம் தருகிறேன். இன்னொன்று, எஸ்எம்எஸ் போகும் நேரம். அந்த அம்மாவுக்கு அது வந்து சேர்ந்தது கடைசி முயற்சிக்குப் பிறகு. மறுத்த கணமே போகாவிட்டால் நான் வெட்டிய ஒவ்வொரு எழுத்தும் வீண்.

'இது நானல்ல' என்பதைத் தவறுதலாக அழுத்தினால் கார்டு நிரந்தரமாக மூடிவிடுகிறது என்பது எனக்கு உறுத்துகிறது. இன்னொரு முறை கேட்கும் திரை ஒன்று வைக்க முடியுமா என்று பாருங்கள். அதில் போட வேண்டிய வரி: "இந்தக் கார்டை மூடிவிடுகிறோம், பிறகு திறக்க முடியாது. மூடலாமா?"

சட்டப் பிரிவுக்கு இதன் நகலை அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் பதில் வந்தால் திங்கள்கிழமை முதல் ஆன்லைன் பரிவர்த்தனைகளுக்கு மட்டும் மாற்றிப் பார்க்கலாம். நேரில் செருகும் கார்டு மறுக்கப்படும்போது வாடிக்கையாளர் கல்லாவின் முன் நிற்கிறார், பின்னால் வரிசை நிற்கிறது. அதற்கு இந்த நீளம் ஒத்துவராது, தனியாகத்தான் எழுத வேண்டும்.