சரோஜா அக்காவுக்கு

வணக்கம் அக்கா.

நேற்று ராத்திரி நாங்கள் கும்பகோணத்திலிருந்து வந்து சேரும்போது மணி பன்னிரண்டுக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் விளக்கு அணைந்திருந்ததால் கதவைத் தட்டவில்லை. நாங்கள் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொண்டதற்கு நேரில் நன்றி சொன்னால் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். முழுசாகப் படித்துவிடுங்கள்.

முதலில் வெற்றிலைக் கொடி. அது அத்தையின் அம்மா பட்டர்வொர்த் வீட்டில் வளர்த்த கொடியிலிருந்து வெட்டி வைத்தது. இப்போது பாட்டியும் இல்லை, அந்த வீடும் இல்லை. மாமனார் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று அத்தை ரொம்ப வருஷமாகவே ஆசைப்பட்டார். ஆனால் கும்பகோணத்தில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கொடி வாடியிருக்குமோ?" தை மாதத்தில் பினாங்கு வெயில் எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியாதா? பருவமழை கிளந்தான், திரெங்கானு பக்கம் கொட்டும். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அவ்வளவாக வராது. நம் தாழ்வாரமோ மேற்கே பார்த்தது. ஒரு நாள் விட்டாலே தொட்டி மண் வெடித்துவிடும்.

நீங்கள் காலையில் தண்ணீர் ஊற்றிய கையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை அத்தை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். புது இலை விட்டிருந்த அன்று உறவுக்காரர்கள் எல்லாரிடமும் போனைக் காட்டினார். அதற்கப்புறம்தான் அவர் நிம்மதியாகத் தஞ்சாவூர் பெரிய கோயிலைச் சுற்றி வந்தார். அங்கே விருந்தில் கும்பகோணம் வெற்றிலை போட்டுவிட்டு, "நம்ம வீட்டு இலைக்குத்தான் காரம்" என்று வேறு சொல்லிவிட்டார்!

தண்ணீர் ஊற்றச் சொல்லித்தான் நான் கேட்டிருந்தேன். இன்று காலையில் பார்த்தால், சரிந்து கிடந்த கொடியைப் பழைய சேலைக் கிழிசலால் கம்பியில் கட்டிவிட்டிருக்கிறீர்கள். தண்டு இறுகாமல் ஒவ்வொரு முடிச்சையும் தளர்வாகப் போட்டிருக்கிறீர்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளையெல்லாம் கவிழ்த்து வைத்ததையும் பார்த்தேன். ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தேங்கிய தண்ணீரே போதும். டிங்கிக் காய்ச்சல் நம் பிளாக்கில் வந்தபோது பட்ட பாடு நமக்குத் தெரியும். துளசித் தொட்டி அருகே அகலில் கருகிய திரியும் இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றினீர்கள், இல்லையா? அதைப் பார்த்துவிட்டு அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் பார்சல்கள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் தேதியும், "செக்யூரிட்டி கொடுத்தது", "கீழ் வீட்டில் போட்டுவிட்டுப் போனது" என்று குறிப்பும் எழுதியிருந்தீர்கள். வேறு பிளாக்கில் போய்ச் சேர்ந்த பெட்டியை நீங்களே தேடிப் போய்த் தூக்கி வந்தீர்கள் என்று செக்யூரிட்டிதான் சொன்னார். முட்டிவலியோடு ஏன் அக்கா அலைந்தீர்கள்? அதில்தான் தைப்பூசத்துக்கு இவர் ஆர்டர் செய்த மஞ்சள் வேட்டியும் பால்குடச் செம்பும் இருந்தன. அது தொலைந்திருந்தால் கடைசி நேரத்தில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா கூட்டத்தில் நின்று வாங்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சல் இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

வந்த ஆளிடம் நீங்கள் கைக்காசு கொடுத்து வாங்கிய பார்சலுக்கு 68 வெள்ளி உறையில் வைத்திருக்கிறேன். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், என் மனசு கேட்காது.

பையில் கும்பகோணம் காப்பித்தூள், அண்ணனுக்கு மணப்பாறை முறுக்கு, அப்புறம் நாச்சியார்கோயிலில் வாங்கிய சின்னக் குத்துவிளக்கு. விளக்கு அத்தை தேர்ந்தெடுத்தது. காப்பித்தூளில் சிக்கரி கலந்திருக்கிறது. அண்ணனுக்குப் பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், சிக்கரி இல்லாததும் ஒரு பொட்டலம் இருக்கிறது.

சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். கறிவேப்பிலை நன்றாகத் துளிர்த்திருக்கிறது. வேண்டும்போது என்னைக் கேட்காமலே ஒடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மோர் ஊற்றினீர்களா, அரிசி கழுவிய தண்ணீரா? அதையும் சொல்லுங்கள். அடுத்த மாதம் நீங்கள் ஈப்போவுக்கு மகள் வீட்டுக்குப் போகும்போது உங்கள் மிளகாய்ச் செடிகளும் பாண்டானும் என் பொறுப்பு. பார்சலும் என் பெயருக்கே வரட்டும்.

தைப்பூசத்தன்று விடியற்காலையில் தண்ணீர்மலைக்குக் கிளம்புகிறோம். காரில் உங்களுக்கும் அண்ணனுக்கும் இடம் இருக்கிறது. வருவதாக இருந்தால் ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பக்கத்து வீட்டுக் கவிதா