காப்பர்(II) எண்முகி அணைவுகள் ஏன் உருக்குலைகின்றன?

விடை: Cu²⁺ அயனியின் எலக்ட்ரான் அமைப்பு [Ar] 3d⁹. எண்முகிப் புலத்தில் d ஆர்பிட்டால்கள் இரண்டாகப் பிரிவதால் இது t₂g⁶ eg³ ஆகிறது. t₂g முழுவதும் நிரம்பிவிட்டது. அதில் சிக்கல் இல்லை. சிக்கல் eg தொகுதியில்தான். சம ஆற்றலுள்ள இரண்டு ஆர்பிட்டால்களில் மூன்று எலக்ட்ரான்கள், அதாவது ஒன்றில் இரண்டு, மற்றொன்றில் ஒன்று. இப்படிச் சமமின்றி நிரம்பிய அமைப்பு சீரான எண்முகியாக நிலைக்காது, உருக்குலைந்து ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும் என்பதே 1937-இல் வெளியான ஜான்–டெல்லர் தேற்றம்.

சரி, பிணைப்பு நீளம் ஏன் மாறுகிறது? dz² ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் இருந்தால், z அச்சிலுள்ள இரு ஈனிகள் கூடுதல் விலக்கத்தால் தள்ளிப்போகின்றன. dx²−y² ஆர்பிட்டாலில் ஒன்றே இருப்பதால் xy தளத்து நான்கு ஈனிகளும் நெருங்கி வருகின்றன. அப்போது dz² ஆற்றல் இறங்குகிறது, dx²−y² ஏறுகிறது. இறங்கியதில் இரண்டு எலக்ட்ரான்கள், ஏறியதில் ஒன்று; ஆகவே நிகர லாபம் ஓர் எலக்ட்ரானுக்குரிய நிலைப்பு ஆற்றல். இந்தக் கணக்கை எழுதாமல் தேற்றத்தின் பெயரை மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது.

திண்ம CuF₂-வில் நான்கு Cu–F பிணைப்புகள் சுமார் 1.93 Å, மற்ற இரண்டும் 2.27 Å. அச்சுப் பிணைப்புகள் சுருங்குவதையும் தேற்றம் அனுமதிக்கிறது. ஆனால் காப்பரில் நீட்சியே மிகுதி. d¹⁰ அமைப்புள்ள Zn²⁺-இல் eg முழுமையாக நிரம்பியிருப்பதால் இந்த விளைவு இல்லை.